அரை ஆயுட்காலக் கணக்குல 30-னு எழுதின ஒரு விடைத்தாள்: திருத்துனதுல என்ன நடந்துச்சு

பின்னணி

ஒரு உள் தேர்வு, இயற்பியல் பேப்பர், கதிரியக்கம் பாடத்துல இருந்து பத்து மார்க் கேள்வி ஒண்ணு. திருத்துறதுக்கு ரெண்டு பேர், நான் ஒருத்தன், இன்னொரு டீச்சர் ஒருத்தங்க. ரெண்டு பேரும் தனித்தனியா திருத்தி, மார்க் ரெண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவதா ஒரு சீனியர் ஆசிரியர் பார்ப்பாருன்னு ஏற்பாடு. ஒரு தாள்ல எனக்கும் அவங்களுக்கும் மூணு மார்க் வித்தியாசம் வந்துச்சு, அதுவும் கேள்வியில ரொம்ப சுலபம்னு நாங்க நினைச்சிருந்த இடத்துல. அந்தத் தாளைப் பத்திதான் இங்க எழுதுறேன், ஏன்னா கையால வரைஞ்ச சிதைவு வளைகோட்டைத் திருத்துற யாருக்கும் இதே நிலைமை வரும்.

கேள்வி இதுதான். அயோடின்-131-ஓட அரை ஆயுட்காலம் 8 நாள். ஆரம்பத்துல 80 மில்லிகிராம் இருக்கு.

(அ) 40 நாள் வரைக்கும் மீதி இருக்குற அளவை அட்டவணையா எழுதணும், 2 மார்க்.
(ஆ) அதை கிராஃப் ஷீட்ல புள்ளி வச்சு வளைகோடு வரையணும், 4 மார்க்.
(இ) உங்க வளைகோட்டுல இருந்து 12-வது நாள் எவ்வளவு மீதின்னு கண்டுபிடிக்கணும், 2 மார்க்.
(ஈ) 15 மில்லிகிராம் மீதி இருக்குறது எத்தனாவது நாள்னு அதே வளைகோட்டுல பார்த்து சொல்லணும், 2 மார்க்.

அட்டவணையில சிக்கல் எதுவும் இல்ல, எட்டு எட்டு நாளா போனா 80, 40, 20, 10, 5, 2.5-னு பாதி பாதியா குறையும். அளவுத்திட்டத்தை கேள்வியிலயே கொடுத்திருந்தோம், நெட்டு அச்சுல 1 செ.மீ.க்கு 10 மில்லிகிராம், படுக்கை அச்சுல 2 செ.மீ.க்கு 8 நாள். அதாவது நெட்டா ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிகிராம். இந்த ஒரு கட்டம், ரெண்டு கட்டம்ங்கற சமாச்சாரம்தான் கடைசியில எல்லாத்தையும் தீர்மானிச்சது, அதனால இதை மனசுல வச்சுக்கோங்க.

(இ)-க்கு சரியான விடை 28.3 மில்லிகிராம். 12 நாள்னா ஒன்றரை அரை ஆயுட்காலம், அதனால

80 × (1/2)^(12/8) = 28.3

பசங்க கையால வரையுற கோடு கொஞ்சம் முன்னபின்ன போகும்னு விடைக்குறிப்புல 26-லிருந்து 30 வரைக்கும் ஏத்துக்கலாம்னு போட்டிருந்தோம். 28-க்கு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு, அவ்வளவுதான் யோசிச்சது. அந்த 30 வேற ஒரு வழியாவும் வரும்ங்கறதை அப்ப நாங்க பார்க்கல.

முதல் தடவை திருத்தும்போது பார்த்தது

அந்தப் பொண்ணோட தாள் சுத்தமா இருந்துச்சு. அட்டவணையில ஆறு வரிசையும் சரி, அலகும் தலைப்புலயே எழுதியிருந்துச்சு. ஆறு புள்ளியும் சரியான இடத்துல சின்ன பெருக்கல் குறியா வச்சிருந்துச்சு. வளைகோடு பென்சில்ல கையாலயே வரைஞ்சது, ஒரே இழுப்பா இல்ல, ரெண்டு மூணு தடவை மேல மேல ஓட்டினது தெரியுது, ஆனா ஆறு புள்ளி வழியாவும் போகுது, வழவழன்னு இருக்கு. 40 நாளுக்கு அப்புறமும் கோட்டை விடாம இழுத்துட்டுப் போயி 50 நாள் பக்கத்துல படுக்கை அச்சோட ஒட்ட வச்சிருந்துச்சு.

(இ)-க்கு 12-ல இருந்து மேல ஒரு புள்ளிக்கோடு, அங்கிருந்து இடதுபக்கம் ஒரு புள்ளிக்கோடு, அது அச்சுல 30-ல முடியுது, விடை 30 மி.கி. (ஈ)-க்கும் அதே மாதிரி புள்ளிக்கோடு போட்டு 19 நாள்னு விடை.

நான் போட்டது: அட்டவணைக்கு 2. வளைகோட்டுக்கு 3, அச்சைத் தொட்டதால ஒண்ணு குறைச்சேன். (இ)-க்கு 2, ஏன்னா புள்ளிக்கோடு இருக்கு, விடையும் 26-லிருந்து 30-க்குள்ள இருக்கு. (ஈ)-க்கு 2, அதுக்கு சரியான விடை 19.3 நாள். மொத்தம் 9.

இன்னொரு டீச்சர் போட்டது 6. அவங்களும் அட்டவணைக்கு 2, வளைகோட்டுக்கு 3, ஆனா (இ)-க்கு பூஜ்யம், (ஈ)-க்கு 1. (இ) பக்கத்துல சிவப்புல ஒரே வரி, "கோட்டுல இருந்து எடுத்தது இல்ல".

எனக்கு முதல்ல அது அநியாயமா பட்டுச்சு. விடைக்குறிப்புக்குள்ள இருக்குற விடைக்கு எப்படி பூஜ்யம் போட முடியும்னு தாளை எடுத்துட்டு அவங்ககிட்ட போனேன். அவங்க எதுவும் பேசல, ஒரு ஸ்கேலை எடுத்து அந்தப் புள்ளிக்கோட்டு மேல வச்சு காமிச்சாங்க.

ஸ்கேல் வச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சது

12-ல இருந்து மேல போற புள்ளிக்கோடு வளைகோட்டைத் தொடுற இடம் 30 இல்ல, 27. அங்கிருந்து இடதுபக்கம் போற கோடு படுக்கையா போகணும், ஆனா போகல. வளைகோட்டுகிட்ட 27-ல ஆரம்பிச்சு அச்சுகிட்ட 30-ல முடியுது. அந்தக் கோட்டோட நீளம் 3 செ.மீ., அதுக்குள்ள 3 மி.மீ. மேல ஏறியிருக்கு. கண்ணால சும்மா பார்த்தா தெரியவே தெரியாது, கிராஃப் ஷீட்டோட கட்டக்கோட்டை ஒரு ஓரத்துல இருந்து தொடர்ந்து பார்த்தாதான் மூணு கட்டம் தாண்டுறது தெரியும். நான் புள்ளிக்கோடு இருக்கான்னு மட்டும் பார்த்தேன், அது எங்க போகுதுன்னு பார்க்கல.

அடுத்து அவங்க தாளை வெளிச்சத்துக்கு எதிரா சாய்ச்சுப் பிடிச்சாங்க. (இ)-க்கு பக்கத்து ஓரத்துல ரப்பரால அழிச்ச தடம் இருந்துச்சு, பென்சில் அழுத்தின பள்ளத்துல எழுத்து தெரிஞ்சுச்சு: 40 + 20 = 60, கீழ 30.

அப்ப விஷயம் விளங்கிடுச்சு. 8-வது நாள் 40, 16-வது நாள் 20, 12 ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, அதனால கூட்டி ரெண்டால வகுத்தா 30. இது சராசரி, ரெண்டு புள்ளியை ஸ்கேல் வச்சு நேர்கோட்டால சேர்த்தா நடுவுல என்ன வருமோ அது. சிதைவு வளைகோடு உள்பக்கமா தொய்ஞ்சு போற கோடு, அதனால ரெண்டு புள்ளிக்கு நடுவுல எப்பவும் நேர்கோட்டுக்குக் கீழதான் இருக்கும். 30-க்கும் 28.3-க்கும் உள்ள அந்த 1.7 மில்லிகிராம் அந்தத் தொய்வுதான்.

எங்க விடைக்குறிப்போட ஓட்டையும் அங்கயே தெரிஞ்சுது. தொய்வு 1.7 கட்டம், நாங்க விட்டுக்கொடுத்தது ரெண்டு கட்டம். அப்ப வளைகோட்டுல இருந்து படிச்சவனையும் வளைகோட்டைப் பார்க்காமலே சராசரி எடுத்தவனையும் அந்த விடையை வச்சு பிரிக்கவே முடியாது. (இ) எதைச் சோதிக்கணும்னு வச்சமோ அதைச் சோதிக்கல.

திரும்ப கட்டை எடுத்துப் பார்த்தப்போ ஒரு டஜனுக்கு மேல தாள்ல 30-னு இருந்துச்சு, நான் எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டிருந்தேன்.

அந்தப் பொண்ணோட வளைகோடு உண்மையிலேயே சரியா?

இதை முடிவு பண்ணாம (இ)-க்கு மார்க் போட முடியாது, ஏன்னா 27-ங்கறது சரியான 28.3-ஐ விட ஒரு கட்டத்துக்கு மேல கீழ இருக்கு. கோடே தப்பா தொய்ஞ்சிருந்தா அந்தப் பொண்ணு அதை நம்பாம இருந்ததுல ஒரு நியாயம் இருக்கு.

சீனியர் ஆசிரியர் இதுக்கு ஒரு சோதனை செஞ்சாரு, அதை நான் இப்போ எல்லாத் தாளுக்கும் செய்யறேன். வளைகோட்டுல புள்ளி வைக்காத ஏதாவது ஒரு இடத்தை எடுத்துக்கணும். அங்க உயரம் எவ்வளவுன்னு பார்த்து, அதுல பாதி உயரத்துக்குக் கோடு எங்க இறங்குதுன்னு பார்க்கணும். அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 8 நாள் இருக்கணும், அதாவது 2 செ.மீ. எங்க ஆரம்பிச்சாலும் பாதியாக அதே 8 நாள்தான் எடுக்கும்ங்கறதுதானே அரை ஆயுட்காலம், அதனால புள்ளி வச்ச இடத்துல மட்டும் இல்லாம நடுவுலயும் அது பொருந்தணும்.

அந்தத் தாள்ல 4-வது நாள் கோட்டோட உயரம் 55, சரியான மதிப்பு 56.6. 12-வது நாள் 27. 55-ல பாதி 27.5. அரைக் கட்டம்தான் வித்தியாசம். கை கொஞ்சம் கீழ இழுத்திருக்கு, ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி இழுத்திருக்கு, கோட்டோட வடிவம் சரி. கையால வரைஞ்சதுக்கு இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாதுன்னாரு.

அச்சைத் தொட்ட விஷயம்

இதுல நாங்க ரெண்டு பேரும் ஒரு மார்க் குறைச்சிருந்தோம், சீனியர் ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தாரு. அவர் சொன்ன காரணம் எனக்கு அப்பவே சரின்னு பட்டுச்சு. 48-வது நாள் சரியான மதிப்பு 1.25 மில்லிகிராம், இந்த அளவுத்திட்டத்துல அச்சுக்கு மேல ஒண்ணேகால் மி.மீ. முனை மழுங்கின பென்சில் கோடே முக்கால் மி.மீ. இருக்கும், அச்சுக்கோடு வேற இருக்கு. அந்த இடத்துல தொடாம வரையுன்னு சொன்னா அது கை சாமர்த்தியத்துக்குப் போடுற மார்க்.

அவர் பார்க்கச் சொன்னது கோடு எந்தச் சாய்வுல அச்சுகிட்ட வருதுங்கறதை. அந்தப் பொண்ணோட கோடு கிட்டத்தட்ட படுத்த மாதிரி வந்து மெதுவா அச்சோட கலந்துச்சு. இன்னொரு தாள்ல 32-ஆம் நாள் வரைக்கும் சரியா வந்த கோடு அங்கிருந்து நேரா இறங்கி 44-ல அச்சை வெட்டிட்டு கீழ வேற கொஞ்சம் போயிருந்துச்சு, அதுக்கு மார்க் போகணும், போச்சு. அந்தப் பையன் ஒரு கட்டத்துல எல்லாம் தீர்ந்துடும்னு நினைச்சிருக்கான், கோடு அதைச் சொல்லுது.

எடுத்த முடிவும் காரணமும்

(இ)-க்கு மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். அதுல ரெண்டு மார்க்கையும் பிரிச்சோம், ஒண்ணு வளைகோட்டுல இருந்து படிக்கிற முறைக்கு, ஒண்ணு மதிப்புக்கு. மதிப்பை 28.3-ஓட ஒப்பிடாம அவங்கவங்க வரைஞ்ச கோட்டோட ஒப்பிடணும், ரெண்டு கட்டத்துக்குள்ள இருந்தா மார்க். கேள்வியிலயே "உங்க வளைகோட்டுல இருந்து"ன்னு கேட்டிருக்கோம், அதனால இது புதுசா போட்ட விதி இல்ல, கேட்டதை ஒழுங்கா திருத்துறது மட்டும்தான்.

அந்தப் பொண்ணுக்கு முறைக்கு 1 கிடைச்சுது, 12-ல இருந்து கோடு வரைக்கும் போனது நிஜம். மதிப்புக்கு இல்ல, கோடு 27, எழுதினது 30, மூணு கட்டம். (ஈ)-ல இன்னொரு டீச்சர் ஒண்ணு குறைச்சதுக்குக் காரணம் அங்கயும் சராசரி எடுத்திருக்கும்ங்கற சந்தேகம், ஆனா ஸ்கேல் வச்சா அந்தப் புள்ளிக்கோடு நேரா 15-ல இருந்து கோட்டைத் தொட்டு நேரா 19-ல இறங்குது, சராசரி எடுத்திருந்தா 20 வந்திருக்கணும். அதனால முழு 2. மொத்தம் 2 + 4 + 1 + 2, ஒன்பது. நான் முதல்ல போட்ட அதே 9 தான், ஆனா வேற வேற இடத்துல.

மத்த தாள்களுக்கு இது எப்படிப் போச்சுங்கறது முக்கியம், ஏன்னா அங்கதான் நிறைய விவாதம் ஆச்சு. நாலஞ்சு பேர் புள்ளிகளை ஸ்கேல் வச்சு நேர்கோட்டால சேர்த்திருந்தாங்க. அவங்க கோடு 12-ல சரியா 30 வழியாதான் போகும், அவங்க 30-னு படிச்சது அவங்க கோட்டுக்கு உண்மை. அவங்களுக்கு (ஆ)-ல வழவழப்பான வளைகோட்டுக்கான மார்க் ஏற்கனவே போயிடுச்சு, ஒரே தப்புக்கு ரெண்டு தடவை வெட்டக்கூடாது, அதனால (இ)-ல முழு மார்க். இன்னொரு டீச்சருக்கு இது மனசு ஒப்பல. "தப்பான கோடு வரைஞ்சவனுக்கு 2, நல்ல கோடு வரைஞ்சவளுக்கு 1, இது எப்படிங்க சார் நியாயம்?"னு கேட்டாங்க. சீனியர் ஆசிரியர் மொத்தத்தைப் பாருங்கன்னாரு, அவன் (ஆ)-ல விட்டான், இவ (இ)-ல விட்டா, தப்பு எங்க நடந்துச்சோ மார்க் அங்க போயிருக்கு. யோசிச்சுப் பார்த்தா இதுக்கு மாத்தா வேற எதுவும் எனக்குத் தோணல.

கால்குலேட்டர்ல 28.3-னு போட்டு, கிராஃப்ல புள்ளிக்கோடே போடாம விட்டவங்க ரெண்டு பேர். அவங்களுக்கு மதிப்புக்கு 1, முறைக்கு இல்ல. கோடு 29 பக்கம் போயி 30-னு எழுதினவங்களுக்கு முழுசா 2. ஆக 30-ங்கற அதே விடைக்கு மூணு வேற காரணத்துல மார்க் விழுந்துச்சு, தாளைப் பார்த்தா மட்டும்தான் ஏன்னு புரியும். ஒவ்வொரு தாள்லயும் காரணத்தை ஓரத்துல ஒரு வரி எழுதி வச்சோம்.

அந்தப் பொண்ணுகிட்ட பேசினது

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்னைக்கு அந்தப் பொண்ணைத் தனியா கூப்பிட்டு, 27-ல தொட்ட கோடு ஏன் 30-க்குப் போச்சுன்னு கேட்டேன். திட்டுற மாதிரி கேட்கல, எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

"முதல்ல 27-தான் சார் வந்துச்சு. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 30 வந்துச்சு. கையால வரைஞ்சது கோணலாதானே இருக்கும், கணக்கு தப்பாகாதுன்னு மாத்திட்டேன்."

இந்தப் பதில் எனக்கு ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு. சரியான கோட்டை சந்தேகப்பட்டு தப்பான கணக்கை நம்பியிருக்கு, அதுக்குக் காரணம் நாங்கதான்னு சொல்லணும், வகுப்புல கிராஃப்னா தோராயம், கணக்குன்னா துல்லியம்னு எத்தனை தடவை சொல்லியிருப்போம். (ஈ)-ல ஏன் 19-ஐ 20-ஆ மாத்தலன்னு கேட்டேன், 19-ம் 20-ம் பக்கத்துல பக்கத்துலதானே இருக்குன்னு விட்டுட்டேன்னு சொல்லுச்சு.

ஃபார்முலா எதுவும் எழுதாம ஒரு விஷயம் மட்டும் கேட்டேன். 8-வது நாள் 40. நீ சொன்ன மாதிரி 12-வது நாள் 30, 16-வது நாள் 20. முதல் நாலு நாள்ல எவ்வளவு சிதைஞ்சது? பத்து. அடுத்த நாலு நாள்ல? பத்து. அடுத்த நாலு நாள் ஆரம்பிக்கும்போது அணுக்கள் அதே அளவு இருந்துச்சா, கம்மியா இருந்துச்சா?

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துட்டு இருந்துச்சு. "கம்மி சார். அப்ப சிதையுறதும் கம்மியாதானே ஆகணும்?"

ஆமா. 40-ல பத்து போனா நாலுல ஒரு பங்கு, 30-ல பத்து போனா மூணுல ஒரு பங்கு. ஒரே நாலு நாள்ல ஒரு தடவை கால் பங்கும் இன்னொரு தடவை மூணுல ஒரு பங்கும் சிதையாது, பங்கு எப்பவும் ஒண்ணாதான் இருக்கணும். 28.3-ஐ வச்சுப் பார்த்தா முதல் நாலு நாள்ல 11.7 போகுது, அடுத்த நாலு நாள்ல 8.3 போகுது, ரெண்டு தடவையும் இருக்குறதுல 29 சதவீதம் பக்கம். பெருக்கிப் பார்க்கத் தெரிஞ்சா இன்னும் சுலபம், நடுவுல வர்ற எண்ணைத் தன்னாலயே பெருக்கினா 40 × 20, அதாவது 800 வரணும். 28-ஐ 28-ஆல பெருக்கினா 784, 30-ஐ 30-ஆல பெருக்கினா 900. சந்தேகம் வர்றப்போ வாயாலயே போட்டுப் பார்த்துக்கலாம்.

அடுத்த தடவைக்கு மாத்தினது

முதல்ல மாத்தினது 12-வது நாளை. தொய்வு எல்லா இடத்துலயும் ஒரே அளவு இல்ல, மேல இருக்க இருக்க பெருசா இருக்கும். 0-க்கும் 8-க்கும் நடுவுல 4-வது நாள் சரியான மதிப்பு 56.6, சராசரி எடுத்தா 60, வித்தியாசம் 3.4 கட்டம். 12-ல அது 1.7, 20-வது நாள் 0.9 தான். ரெண்டு கட்டம் விட்டுக்கொடுத்து திருத்தணும்னா 4-வது நாளைத்தான் கேட்கணும், 20-வது நாளைக் கேட்டா கேள்விக்கே அர்த்தம் இல்ல.

(ஈ) மாதிரி நாளைக் கேட்குற கேள்விக்கு இந்த வழி உதவாது, இதை நாங்க கொஞ்சம் தாமதமாதான் கவனிச்சோம். 80-க்கும் 40-க்கும் நடுவுல இருக்குற 60-ஐக் கேட்டா சரியான விடை 3.3 நாள், சராசரி 4 நாள். 20-க்கும் 10-க்கும் நடுவுல 15-ஐக் கேட்டா 19.3, சராசரி 20. எங்க கேட்டாலும் வித்தியாசம் அதே 0.7 நாள்தான், பழைய அளவுத்திட்டத்துல ரெண்டு கட்டம் கூட வராது. அதனால இங்க மாத்த வேண்டியது அளவுத்திட்டத்தை. 8 நாளுக்கு 4 செ.மீ. வச்சா 40 நாளுக்கு 20 செ.மீ., கிராஃப் ஷீட்டை நீளவாக்குல திருப்பினா இடம் இருக்கு, வித்தியாசமும் 3.4 கட்டமாகும்.

அடுத்து 80 மில்லிகிராம்ங்கறதையே தூக்கிட்டோம். இது இந்தத் தாளால வந்த மாற்றம் இல்ல, பேசிட்டு இருக்கும்போது சீனியர் ஆசிரியர் எடுத்துச் சொன்னது. அயோடின்-131 ஒரு மைக்ரோகிராமோட கதிரியக்கச் செயல்பாடே கிட்டத்தட்ட 4.6 கிகாபெக்கரல், தைராய்டு புற்றுநோய்க்கு ஒருத்தருக்குக் கொடுக்குற அளவு அந்த மாதிரி சில கிகாபெக்கரல்தான். 80 மில்லிகிராம்னா பல்லாயிரம் பேருக்கான அளவை ஒரு பாட்டில்ல வச்ச மாதிரி. அது போக "மீதி இருக்குற அளவு"ன்னு மொட்டையா கேட்டதால ஒரு பையன் பாட்டிலோட எடையே 24 நாள்ல 10 மில்லிகிராம் ஆகிடும்னு எழுதியிருந்தான். அயோடின் செனான்-131-ஆ மாறுது, ரெண்டுக்கும் நிறை எண் ஒண்ணு, மூடி வச்சா எடை அப்படியேதான் இருக்கும், அதுல அயோடின் மட்டும் 10. இப்போ 800 மெகாபெக்கரல் செயல்பாடு எத்தனாவது நாள் எவ்வளவா குறையும்னு கேட்குறோம், எண்களும் அதே மாதிரி பாதி பாதியா வருது, எடைக் குழப்பமும் இல்ல. அச்சுல 1 செ.மீ.க்கு 100 மெகாபெக்கரல், அதனால கட்டக் கணக்கும் மாறல.

விடைக்குறிப்புல "26 முதல் 30 வரை" மாதிரி ஒரு வரி இனிமே இல்ல. அதுக்குப் பதிலா ரெண்டு வரி இருக்கு: மாணவர் வரைஞ்ச கோட்டுல ஸ்கேல் வச்சுப் படிக்கவும், எழுதின விடை அதுல இருந்து ரெண்டு கட்டத்துக்குள்ள இருக்கான்னு பார்க்கவும். கோட்டோட வடிவத்துக்கு, புள்ளி இல்லாத ஒரு இடத்துல இருந்து பாதி உயரத்துக்கு 8 நாள் வருதான்னு பார்க்கவும். ஒரு தாளுக்கு அரை நிமிஷம் கூடுதலா ஆகுது, கட்டு பெருசா இருந்தா அது கம்மி நேரம் இல்ல, ஆனா இதைச் செய்யாம (இ)-க்கு மார்க் போட்டா எதுக்குப் போடுறோம்னே தெரியாது.

அப்புறம் நடந்தது

புதுக் கேள்வியை அடுத்த தேர்வுல வச்சோம். 4-வது நாளுக்கு 600-னு எழுதினவங்க அப்பவும் இருந்தாங்க, ஆனா இந்தத் தடவை கோடு 560 பக்கத்துல போயி விடை 600-னா எடுத்த எடுப்புலயே தெரிஞ்சுது, நாலு கட்டம் தள்ளி நிக்குது. எனக்கும் இன்னொரு டீச்சருக்கும் அந்தப் பகுதியில மார்க் வித்தியாசம் ஒரு தாள்ல கூட ஒண்ணுக்கு மேல போகல. (ஈ)-ல இன்னும் கொஞ்சம் இழுபறி இருக்கு, நீளவாக்குல திருப்பாம பழைய மாதிரியே வரைஞ்சவங்க தாள்ல 19-ஆ 20-ஆன்னு ஸ்கேல் வச்சாலும் சொல்ல முடியல, அவங்களுக்கு ரெண்டையும் ஏத்துக்கிட்டோம்.

அந்தப் பொண்ணோட தாள் இந்தத் தடவை என் கட்டுலதான் வந்துச்சு. 4-வது நாளுக்கு புள்ளிக்கோடு படுக்கையா நேரா போயி அச்சுல 570-ல முடிஞ்சிருந்துச்சு. ஓரத்துல அழிக்காம விட்ட பென்சில் எழுத்து, 570-ல பாதி 285, அதுக்குப் பக்கத்துல "12-வது நாள் கோட்டுல 280, சரி".